பிணை வைத்தவர் ஊரில்தான் இருக்கிறார்

கேள்வி

ஐயா, எனக்கு 36 வயது. நிலாவெளியில் ஓட்டோ ஓடுகிறேன். கத்தாரில் சாரதி வேலை சரிவந்திருக்கிறது, ஏப்ரல் கடைசியில் பயணம். வங்கிக் கடனில் இன்னும் 540,000 ரூபா இருக்கிறது. மாதத் தவணை 21,500. இரண்டு தவணை தவறிவிட்டது, மூன்றாவது இந்த மார்ச் 20ஆம் திகதி. பிணை வைத்தவர்கள் என் மச்சானும் (ஆசிரியர்) ஒரு நண்பரும். ஓட்டோ லீசிங்கில் 380,000 மிச்சம், அதிலும் இரண்டு தவணை பாக்கி. தெரிந்த ஒருவரிடம் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு இரண்டு லட்சம் எடுத்தேன். முதல் மாத வட்டியைக் கழித்து 190,000தான் தந்தார். அதன் பிறகு 14 மாதம் வட்டி கட்டினேன். கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் ஒரு வெற்றுப் புறோநோட்டும் அவரிடம் இருக்கின்றன. மனைவியின் நாலு பவுண் நகை வங்கியில் அடகு.

க்ரிப்பில் பெயர் இருந்தால் கட்டுநாயக்கவில் பிடிப்பார்களா? ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்தால் கடன் காலாவதியாகும் என்கிறார்களே? ஓட்டோவை ஒரு நண்பர் எடுத்து ஓடி லீசிங் கட்டுவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா? செக் கணக்கை மூடிவிடலாமா? போன பிறகு செலவு போக மாதம் ஒரு லட்சம் அனுப்ப முடியும்.

— பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்

தம்பி, நீங்கள் பயப்படும் இடம் விமான நிலையம். நான் பயப்படும் இடம் அந்த இரண்டு செக்கும் உங்கள் மச்சானின் கையெழுத்தும். விமான நிலையத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம்.

க்ரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம். யார், எங்கே, எவ்வளவு கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற விவரம் அங்கே இருக்கும். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அதைப் பார்த்து முடிவெடுக்கும். கடன் எடுத்த எல்லோருடைய பெயரும், ஒழுங்காகக் கட்டுபவருடையதும்கூட, அதில் இருக்கும். கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே இல்லை. குடிவரவு அதிகாரி அந்த அறிக்கையைப் பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமும் இல்லை.

பயணம் தடைப்படுவது நீதிமன்றக் கட்டளையால். நீதவான் நீதிமன்றத்தில் உங்கள் மேல் வழக்கு இருந்து, நீங்கள் வராமல் பிடியாணை பிறந்திருந்தால் அது விமான நிலையத்தில் தெரியும். அதோடு, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் பழைய ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. கடன் எடுத்தவர் ஏமாற்றும் நோக்கத்தோடு நாட்டை விட்டுப் போகப் பார்க்கிறார் என்று கடன் கொடுத்தவர் சத்தியக் கடதாசி மூலம் நீதிபதியை நம்பவைத்தால், தீர்ப்புக்கு முன்பே அவரைத் தடுக்கும் கட்டளை கேட்கலாம். அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் ஓட்டோவை ஒளித்துவைத்து, தொலைபேசி இலக்கத்தை மாற்றி, சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர் அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய சாட்சியத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கிறார். வங்கிக்கு எழுத்தில் அறிவித்துவிட்டுப் போகிறவர் மேல் அப்படிக் கேட்பது கடினம்.

ஆறு வருடக் கதை

காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் என்று இருப்பது உண்மை. ஈடு வைத்த கடனுக்குப் பத்து வருடம், எழுத்தில்லாத கடனுக்கு மூன்று. ஆனால் அது வழக்குப் போடுவதற்கான காலம். வங்கி ஆறு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னவர் வங்கியில் வேலை செய்யாதவராக இருக்க வேண்டும். இடையில் நீங்கள் ஐயாயிரம் ரூபா கட்டினாலும், ‘கடன் இருக்கிறது, கட்டுகிறேன்’ என்று கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தாலும், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். தீர்ப்பு வந்துவிட்டால் அதை நிறைவேற்ற இன்னும் பத்து வருடம் இருக்கிறது.

வழக்குப் போட நீங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சாதாரண வழக்கில் முதலில் விசாரணை, பிறகு தீர்ப்பு. இங்கே நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்துவிட்டு முதலிலேயே ஒரு தற்காலிகத் தீர்ப்பாணையைக் கொடுத்துவிடும். அது ஏன் நிற்கக் கூடாது என்று நீங்கள்தான் வந்து காரணம் காட்ட வேண்டும். அதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், சில வேளை பணத்தையோ பிணையையோ கட்டச் சொல்வார்கள். யாரும் வராவிட்டால் அந்த ஆணை முடிந்த முடிவாகிவிடும். நீங்கள் தோஹாவில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்கு வந்த கடிதத்தை மனைவி ‘அவர் வந்த பிறகு பார்ப்போம்’ என்று அலுமாரிக்குள் வைத்திருப்பார். நான் பார்த்த பல கோவைகள் அந்த அலுமாரியில் இருந்துதான் தொடங்கியவை.

வங்கி உங்களைத் தேடி கத்தாருக்கு வராது

வரத் தேவையில்லை, அதுதான் விஷயம். இலங்கைத் தீர்ப்பை வெளிநாட்டில் நிறைவேற்றுவது செலவும் இழுபறியும் கூடிய வேலை. இந்தத் தொகைக்கு எந்த வங்கியும் அதைச் செய்யாது. மாதச் சம்பளம் எடுக்கும் ஓர் ஆசிரியர் ஊரில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருக்கும்போது அது ஏன் வெளியில் தேட வேண்டும்?

பிணையைப் பற்றி எங்கள் ஆட்களிடம் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. முதலில் கடன் எடுத்தவரைத்தான் பிடிக்க வேண்டும், பிறகுதான் பிணையாளரிடம் வரலாம் என்பது ஒன்று. இரண்டு பேர் பிணை என்றால் ஆளுக்குப் பாதி என்பது மற்றது. இரண்டுக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. எங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தில் பிணையாளருக்கு இந்த இரண்டு சலுகைகளும் இருக்கின்றன. ஆனால் வங்கியின் பிணைப் படிவத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்தச் சலுகைகளைக் கைவிடுகிறேன் என்ற வசனம் அநேகமாக அதில் இருக்கும். அதன் விளைவாக, முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும், உங்களைத் தேடாமலே, வங்கி கேட்கலாம். அரச ஊழியர் பிணை வைத்தால், சம்பளத்தில் கழிக்கச் சம்மதம் என்று ஒரு கடிதமும் பல இடங்களில் வாங்கி வைப்பார்கள். உங்கள் மச்சான் அப்படி ஏதும் கொடுத்தாரா என்று கேளுங்கள். அவருக்கே ஞாபகம் இருக்காது.

இன்னொன்று. நீங்கள் தவணை தவறினால் அது அவருடைய க்ரிப் அறிக்கையிலும் பிணைப் பொறுப்பாகத் தெரியும். மூதூரில் இருந்து ஒருவர் என்னிடம் வந்தார். வீடு கட்டக் கடன் கேட்டு விண்ணப்பித்தபோதுதான், மூன்று வருடத்துக்கு முன் வெளிநாடு போன நண்பனுக்கு வைத்த பிணை கெட்டுப்போயிருப்பது அவருக்குத் தெரியவந்தது. அந்த நண்பன் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தான், ஆனால் தன் வீட்டுச் செலவுக்கு. சட்டப்படி பிணையாளர் கட்டிய பணத்தைக் கடன் எடுத்தவரிடம் திரும்பக் கேட்கலாம், வழக்கும் போடலாம். அக்காவின் புருஷன் மேலோ தங்கையின் புருஷன் மேலோ அப்படி வழக்குப் போடுகிற குடும்பம் எது?

அதனால் உங்கள் கடன்களைத் தொகையின் அளவில் வரிசைப்படுத்தாதீர்கள். நீங்கள் கட்டாவிட்டால் அது யார் தலையில் விழும் என்று பாருங்கள். செக் உங்களைக் குற்றவாளி ஆக்கும், வங்கிக் கடன் மச்சானையும் நண்பரையும் பிடிக்கும், லீசிங் வண்டியைப் பிடிக்கும், அடகு நகையோடு நிற்கும். இதே வரிசையில்தான் நாமும் போகப் போகிறோம், வங்கிக்குக் கட்டும் பணம் ஓட்டோவில் இருந்து வர வேண்டும் என்பதால் ஓட்டோவை மட்டும் வங்கிக்கு முன் பார்ப்போம். வங்கிக்கு மட்டும் ஒரு திகதி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

அந்த இரண்டு செக்

கணக்கை மூட வேண்டாம். மூடினால் செக் செல்லாது, அதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்துகொண்டு செக் கொடுப்பதை அதே கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. அது வங்கிகளுக்கு மட்டுமான பிரிவு இல்லை. வட்டிக்குக் கொடுத்தவரும் அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் போன பிறகு அவர் ஒரு தொகையையும் திகதியையும் எழுதி வங்கியில் போடுவார். ‘கணக்கு மூடப்பட்டது’ என்று அது திரும்பி வரும். ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்தது என்பதற்கு அதையே காட்டுவார். பொலிஸ் முறைப்பாடு, நீதவான் நீதிமன்றம், நீங்கள் வரவில்லை, பிடியாணை. இரண்டு வருடம் கழித்து லீவில் வந்து இறங்கும்போது கட்டுநாயக்கவில் பிடிபடுவது இப்படித்தான். க்ரிப்பால் அல்ல.

உங்களுக்கும் வாதம் இருக்கிறது. செக்கைக் கடனுக்கு ஈடாகத்தான் கொடுத்தேன், திகதியும் தொகையும் என் கையால் எழுதவில்லை என்று சொல்லலாம். புறோநோட்டில் உங்கள் பக்கம் இன்னும் பலமானது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, புறோநோட்டில் உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்தது எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் கைக்கு வந்தது 190,000, கழித்தது 10,000. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, பிறகு இரண்டு லட்சம் என்றோ அதற்கு மேலோ நிரப்பினால் அந்த நோட்டு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். வட்டி மிதமிஞ்சியது என்று கண்டால் முழுக் கணக்கையும் திறந்து பார்க்கவும் அந்தச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது வீதம், அதை நியாயம் என்று எந்த நீதிபதியிடம் சொல்வது?

ஆனால் இந்த வாதங்களைச் சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாதபோது அவற்றுக்குப் பெறுமதி குறைவு. அதனால் என் ஆலோசனை சண்டை இல்லை. இதுவரை வட்டியாக 150,000 போயிருக்கிறது. முதலைத் தருகிறேன், வட்டியை இதோடு நிறுத்துங்கள் என்று பேசுங்கள். அவர் மறுத்தால் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். இப்படியான சிறிய தொகைத் தகராறுகள் வழக்காகும் முன் போக வேண்டிய இடமும் அதுதான். சபை முன் வந்தால் வெற்றுச் செக் வாங்கியதை அவரே சொல்ல வேண்டி வரும், பலர் அதற்கு முன்பே இறங்கி வந்துவிடுவார்கள்.

பணம் கொடுக்கும்போது ஒரு கையால் பணம், மறு கையால் இரண்டு செக்கும் நோட்டும். ‘வீட்டில் தேடிப் பார்க்கிறேன், நாளைக்குத் தருகிறேன்’ என்றால் நீங்களும் பணத்தை நாளைக்கே கொடுங்கள். உண்மையிலேயே தொலைந்துவிட்டது என்றால், செக் இலக்கங்களைக் குறித்து, கடன் முழுதும் தீர்ந்தது என்றும் அந்தச் செக்குகளால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் இரண்டு சாட்சிகளோடு எழுதி வாங்குங்கள். அதன் பிரதியோடு அந்த இரண்டு இலக்கங்களுக்கும் கொடுப்பனவை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். கணக்கை மூடுவது அதற்குப் பிறகு, வேண்டுமென்றால்.

ஓட்டோ

நண்பர் நல்லவராக இருக்கலாம், இருந்தாலும் கொடுக்க வேண்டாம். லீசிங் முடியும் வரை வண்டியின் பூரண உரிமையாளர் நிறுவனம்தான். வாகனப் புத்தகத்தில் அது அப்படியே எழுதியிருக்கும். அவர்களுக்குச் சொல்லாமல் ஓப்பன் பேப்பரில் கைமாற்றினால் ஒப்பந்தம் முறிகிறது. வண்டி கண்டுபிடிக்க முடியாமல் போனால் நம்பிக்கை மோசடி என்று முறைப்பாடும் வரலாம். அதைவிடச் சாதாரணமாக நடப்பது இது: மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியில் வெள்ளைக்காரர் இருக்கும், நண்பர் கட்டுவார். நவம்பர் மழை வந்ததும் ஓட்டம் இல்லை, அவரும் கட்டமாட்டார். உங்களுக்கே அப்படித்தானே இரண்டு தவணை தவறியது? இடையில் விபத்து என்றாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது புத்தகத்தில் உள்ள பெயரை.

வண்டியை நிறுவனத்திடம் திருப்பி ஒப்படைப்பது இன்னொரு வழி. ஆனால் அவர்கள் ஏலத்தில் விற்பார்கள், விலை குறைவாக வரும். விற்ற பணம் பாக்கிக்குப் போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். வண்டி போனது, கடன் போகவில்லை என்று ஆகிவிடும்.

நீங்களே விற்பதுதான் சரி, அதுவும் இப்போதே. சீசனுக்கு முன் ஓட்டோ தேடுகிறவர்கள் இருப்பார்கள். முதலில் நிறுவனத்திடம் முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு என்று ஒரு திகதி குறித்து எழுத்தில் வாங்குங்கள். 380,000 என்பது உங்கள் கணக்கு. தவறிய தவணை, தாமதக் கட்டணம், முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்து அவர்கள் 430,000 சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 850,000 கிடைத்தால், வாங்குபவரே 430,000ஐ நேரே நிறுவனத்தில் கட்ட வேண்டும். உங்கள் கையில் வந்து பிறகு போகக் கூடாது, வாங்குபவருக்கும் அதுதான் பாதுகாப்பு. நிறுவனம் விடுவிப்புக் கடிதம் தந்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பூரண உரிமை நீங்கிய பிறகு பெயர் மாற்றம். அந்தப் பெயர் மாற்றம் உங்கள் கண் முன்னே நடக்கட்டும், பயணத்துக்குப் பிறகு என்று விடாதீர்கள். வாங்குபவர் தானும் லீசிங்கில் எடுத்தால் இன்னும் லேசு. அவருடைய நிறுவனமே பழைய நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக் கடதாசிகளை எடுக்கும்.

மிச்சம் 420,000. அதில் இரண்டு லட்சம் வட்டிக்காரருக்கு, செக்கைக் கையில் வாங்கிக்கொண்டு. வங்கியில் தவறிய தவணைகள் மூன்று என்றால் 64,500, தாமத வட்டியோடு ஏறத்தாழ 70,000. இன்னும் 150,000 இருக்கும். அதைத் தொடாதீர்கள், அது எதற்கு என்று கீழே வருகிறது.

ஓட்டோவை விற்றால் வீட்டுக்கு வருமானம் இல்லையே என்று மனைவி கேட்பார். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மழைக்காலத்தில் அந்த வண்டி தன் தவணையையே உழைக்கவில்லை. இந்தக் கேள்வியை அவரோடு இருந்து பேசித் தீர்த்துவிட்டுத்தான் விளம்பரம் போட வேண்டும்.

வங்கியோடு ஏற்பாடு

திகதி என்று சொன்னேனே, அது இதுதான். தவணை தவறி 90 நாள் தாண்டினால் வங்கிகள் பொதுவாக அந்தக் கடனைச் செயற்படாக் கடன் என்று வகைப்படுத்தும். அதன் பிறகு கோவை உங்கள் கிளை முகாமையாளரின் மேசையில் இருந்து அறவிடும் பிரிவுக்குப் போய்விடும். அங்கே பேச்சு வேறு மாதிரி இருக்கும். உங்கள் முதல் தவறிய தவணை ஜனவரி 20 என்றால், ஏப்ரல் 20 அளவில் அந்த எல்லை வருகிறது, பயணத்துக்குச் சற்று முன். ஓட்டோ விற்கும் வரை காத்திருக்காமல், எப்படியாவது ஒரு தவணையை இந்த மாதமே கட்டுங்கள். கட்டும் பணம் முதலில் தாமதக் கட்டணத்துக்கும் பிறகு மிகப் பழைய பாக்கிக்கும் போகும் என்பதால், 21,500ஐ அப்படியே கட்டினால் சில நூறு குறையலாம். எவ்வளவு கட்டினால் ஜனவரித் தவணை முழுதாகத் தீரும் என்று கேட்டுக் கட்டுங்கள்.

பிறகு முகாமையாளரைப் பார்க்கும்போது வேலை ஒப்பந்தத்தின் பிரதி, வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, ஒரு கடிதம் மூன்றையும் கொண்டுபோங்கள். கடிதத்தில் வாக்குறுதி நிறைய வேண்டாம், கேட்பதை மட்டும் எழுதுங்கள். ஒன்று, தவணைத் திகதியை 20இல் இருந்து மாதத்தின் கடைசிப் பக்கம் தள்ளித் தரும்படி. கத்தாரில் சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் வந்தாலும், அனுப்பி, மாற்றி, கணக்கில் விழ நாளாகும். மற்றது, முடியுமானால் முதல் மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டும் சலுகை. தருவார்கள் என்று உறுதி இல்லை, தராவிட்டாலும் பரவாயில்லை. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். உங்கள் பக்கத்தில் ஓடி ஒளியும் எண்ணம் இல்லை என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. பதிலே வராமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935இல் முறையிடலாம். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

தொடாதீர்கள் என்று சொன்ன அந்த 150,000 இங்கேதான் வேண்டும். போனவுடன் மாதம் ஒரு லட்சம் அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் மாதம் மருத்துவம், கைரேகை, கத்தார் அடையாள அட்டை. அட்டை வராமல் வங்கிக் கணக்கு இல்லை. சாரதி என்றால் அங்கத்தைய அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். முதல் முழுச் சம்பளம் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகிவிடுவது சாதாரணம். வெளிநாடு போனவர்களின் கடன் கெடுவது அநேகமாக இந்த மூன்று மாதத்தில்தான். ஆகவே மூன்று தவணைக்கான 64,500ஐக் கடன் கணக்கோடு இணைந்த சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதாமாதம் தவணையை அதில் இருந்து எடுக்கும்படி நிலையியற் கட்டளை கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அந்தக் கணக்கின் ஏ.ரி.எம். அட்டை வீட்டில் இருக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கு மனைவியின் பெயரில் வேறு கணக்கு. நீங்கள் அனுப்பும் பணமும் இரண்டாகப் பிரிந்தே வரட்டும்.

உண்டியலில் அனுப்பாதீர்கள். சில ரூபா கூடக் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாளைக்குக் கடனை மறுசீரமைக்கக் கேட்கும்போது வங்கி பார்ப்பது உங்கள் கணக்கில் மாதாமாதம் விழுந்த வெளிநாட்டுப் பணத்தைத்தான். உண்டியலில் வந்தது அந்தப் பதிவில் இருக்காது. அதே போல, ஊர்க் கடனை அடைக்க அங்கே வங்கிக் கடன் எடுக்காதீர்கள். கத்தாரில் கடனோ செக்கோ கெட்டால் அங்கிருந்து வெளியேறவே தடை வரும், அது இங்கே இருப்பதைவிடக் கடுமை.

மனைவிக்கு ஓர் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வங்கிக்கு இரகசியம் காக்கும் கடமை இருக்கிறது, எழுத்தில் அனுமதி இல்லாமல் மீதி எவ்வளவு என்றுகூட அவருக்குச் சொல்லமாட்டார்கள். நொத்தாரிசு முன் ஒரு விசேட அற்றோணித் தத்துவம் எழுதிப் பதிவு செய்யுங்கள். இந்த வங்கி, இந்தக் கடன் இலக்கம், இந்த அடகுச் சீட்டு என்று குறித்து, கட்டவும் பேசவும் அறிவித்தல் வாங்கவும் வழக்கு வந்தால் சட்டத்தரணியை நியமிக்கவும் மட்டும் அதிகாரம் போதும். பொது அற்றோணித் தத்துவம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டாம், காணி விற்கும் அதிகாரமும் அதற்குள் போய்விடும். அங்கே போன பிறகு செய்வதானால் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வெளிநாட்டு அமைச்சில் அத்தாட்சிப்படுத்தி என்று வேலை இரட்டிப்பாகும்.

அலுமாரிக் கதையை மனைவிக்குச் சொல்லுங்கள். பதிவுத் தபால் எது வந்தாலும், பிஸ்கால் எதை ஒட்டிவிட்டுப் போனாலும், அன்றைக்கே படம் எடுத்து உங்களுக்கும் மச்சானுக்கும் அனுப்ப வேண்டும். சாதாரண வழக்கில் நீங்கள் இல்லாமல் தீர்ப்பானால், அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள்தான் அதை நீக்கும்படி கேட்கலாம். லீவுக்கு வந்து பார்க்கிற விஷயம் இல்லை அது.

மச்சானிடமும் நண்பரிடமும் நேரே போய்ச் சொல்லுங்கள். கடன் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் கட்டிய பற்றுச்சீட்டின் படத்தை அவர்களுக்கு அனுப்புவதாகச் சொல்லி, அப்படியே அனுப்புங்கள். தவணை தவறுமென்று தெரிந்தால் வங்கி சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கணக்கு இப்படி வரும்: நாலாவது மாதத்தில் இருந்து ஒரு லட்சம் அனுப்பினால், 21,500 வங்கிக்கு, 45,000 வீட்டுக்கு, மிச்சம் 33,500. லீசிங்கும் வட்டிக்காரரும் போய்விட்டதால் அந்த மிச்சம் முழுவதும் நகைக்கு.

நகையைப் பற்றிக் கடைசியில் எழுதுவது அது முக்கியமில்லை என்பதால் இல்லை. நீங்கள் தவறினாலும் நகையோடு நின்றுவிடும் கடன் அது என்பதால். அடகுக்காலம் பெரும்பாலும் 12 மாதம். சீட்டை எடுத்து முடிவுத் திகதியைப் பாருங்கள். அது நீங்கள் போய் முதல் ஆறு மாதத்துக்குள் விழுகிறது என்றால், கையில் மிஞ்சும் 85,500இல் இருந்து இப்போதே வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள். ஏலத்துக்குப் போனால் கடனும் வட்டியும் போக மிஞ்சும் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு விடாதீர்கள். சீட்டு உங்கள் பெயரிலா மனைவியின் பெயரிலா என்று கடிதத்தில் இல்லை. உங்கள் பெயரில் என்றால், புதுப்பிக்கும் அன்றைக்கே மனைவியின் பெயருக்கு மாற்றி வைக்க முடியுமா என்று அடகுப் பிரிவில் கேளுங்கள். முடியாது என்றால் அந்தச் சீட்டின் இலக்கமும் அற்றோணித் தத்துவத்தில் ஏற வேண்டும். நொத்தாரிசிடம் போகும்போது சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.